ஸ்கோர் 41, உடம்போ தெம்பாக இருக்கிறது: ரெடினஸ், பாடி பேட்டரி முரண்பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி

காலையில் எழுந்ததும், இரவில் நாடியையும் தூக்கத்தையும் அளந்து ஸ்கோர் தரும் வாட்ச் அல்லது மோதிரத்தின் ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை எழுதி வையுங்கள். தூக்கம் தெளிந்ததா, கால் கனக்கிறதா, வேலைக்குப் போக மனம் வருகிறதா, இந்த மூன்றை நினைத்துப் பார்த்தால் போதும். ஸ்கோரைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். வரிசை மாறினால் எண்ணே உணர்வை இழுத்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் செய்து 2014-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பது ஒருபக்கம் இருக்க, 'உங்கள் தூக்கம் சராசரிக்குக் கீழே' என்று சொல்லப்பட்டவர்கள் சிந்தனைத் தேர்வுகளில் குறைவாகவும், 'சராசரிக்கு மேலே' என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகவும் செய்தார்கள். அதனால் முதலில் எழுதாமல் 'ஸ்கோரும் உடம்பும் ஒத்துப்போகவில்லை' என்று சொல்வதற்கே ஆதாரம் இல்லை.

கடலூரில் சில்வர் பீச் பக்கம் காலையில் நடக்கிற, ஓடுகிற எங்களுக்குள் அடிக்கடி வரும் கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அறிகுறியைப் பார்த்து உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்குப் போகலாம். ஆனால் அடுத்த சில பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஸ்கோருக்குள் என்ன இருக்கிறது

அவுரா மோதிரத்தின் ரெடினஸ், வூப் பட்டையின் ரிகவரி, கார்மின் வாட்சின் பாடி பேட்டரி என்று பெயர்கள் வேறு வேறு. முதல் இரண்டும் காலையில் ஒரு எண்ணைத் தரும். பாடி பேட்டரி 5-க்கும் 100-க்கும் இடையில் நாள் முழுவதும் ஏறி இறங்கும். எல்லாவற்றுக்கும் முக்கிய அடிப்படை மூன்று பொருள்கள்: ஓய்விலிருக்கும்போது நாடித் துடிப்பு, துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது, தூக்கம். எதற்கு எவ்வளவு எடை என்பதை நிறுவனங்கள் முழுதாக வெளியிடுவதில்லை.

நடுவில் சொன்னதைத்தான் ஆப்பில் எச்.ஆர்.வி. என்று காட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று கணக்காக அடிப்பதில்லை. ஒரு இடைவெளி 980 மில்லிவிநாடி, அடுத்தது 1030, அதற்கடுத்தது 1000 என்று மூச்சோடு சேர்ந்து அசையும். உடம்பு அமைதியாக இருக்கும்போது இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடும், அசைவும் கூடும். காய்ச்சல், மது, கடும் உழைப்பு, வெக்கை எது வந்தாலும் அசைவு சுருங்கும், துடிப்பு ஏறும். ஒருவருக்கு எச்.ஆர்.வி. 30 இயல்பு, இன்னொருவருக்கு 80 இயல்பு. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஆப்பும் உங்களை உங்கள் பழைய இரவுகளோடுதான் ஒப்பிடுகிறது.

ஆக, ஸ்கோர் அளப்பது தன்னியக்க நரம்பு மண்டலம் அந்த இரவில் எவ்வளவு பாரம் சுமந்தது என்பதை. 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்' என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முரண்பாடு வந்தால் ஸ்கோரை உற்றுப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அதைத் தொட்டு உள்ளே போய், இரவு முழுவதற்குமான இதயத்துடிப்புக் கோட்டைத் திறந்து பாருங்கள். விடை பெரும்பாலும் அந்தக் கோட்டின் வடிவத்தில் இருக்கும்.

அறிகுறி 1: ஸ்கோர் குறைவு, உடம்பு நன்றாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். ஒருவருடைய கதையையே எடுத்துக்கொள்வோம். கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர், வயது 44. கடையை இரவு பத்து மணிக்கு மூடிவிட்டு, பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றே காலுக்குப் படுத்து, காலை ஐந்துக்கு எழுகிறார். வழக்கமாக அவருடைய இரவுச் சராசரித் துடிப்பு 56, எச்.ஆர்.வி. 42, ஸ்கோர் எழுபதுக்கு மேல். ஒரு நாள் காலை ஸ்கோர் 41 காட்டியது. துடிப்பு 64, எச்.ஆர்.வி. 29. அவர் எழுதி வைத்திருந்த எண்ணோ நான்கு. "நல்லாத்தானே இருக்கேன், இது ஏன் இப்படிக் காட்டுது?" என்று கேட்டார்.

கோட்டைத் திறந்தோம். படுத்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி வரை துடிப்பு 68 பக்கம் நின்றது. மூன்று மணிக்குப் பிறகு சரசரவென்று இறங்கி, எழும்வரை 57. எச்.ஆர்.வி.யும் அதே மாதிரி, முதல் பகுதியில் 22, பிற்பகுதியில் 40. தூங்கியது சுமார் ஐந்தே முக்கால் மணி நேரம். அதில் மூன்றரை மணி நேரம் 68, இரண்டே கால் மணி நேரம் 57 என்றால் சராசரி 64 வருகிறது. எச்.ஆர்.வி.க்கு அதே கணக்கைப் போட்டால் 29. வாட்ச் சரியாகத்தான் அளந்திருக்கிறது. ஆனால் அவர் ஐந்து மணிக்கு எழுந்தபோது அவர் உடம்பு கடைசி இரண்டு மணி நேரத்து உடம்பு, அதாவது ஏற்கெனவே மீண்டுவிட்ட உடம்பு. ஆப் காட்டியதோ முழு இரவின் சராசரி. இரண்டு பேர் சொன்னதும் உண்மை, பேசிய நேரம்தான் வேறு.

முதல் பாதியை உயர்த்தியது என்ன? முந்தைய இரவு அவர் கடை வேலை முடிந்து பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பியிருந்தார். செரிமானம் நடக்கும் வரை இதயம் கூடுதலாக வேலை செய்யும். படுக்கப் போகும் நேரத்தில் வயிறு நிறைந்திருந்தால் அந்த வேலை தூக்கத்துக்குள் வந்துவிடும். மது இருந்தால் இதே வடிவம் இன்னும் கூர்மையாக வரும். இரண்டு பெக்குக்கே துடிப்பு ஏறி எச்.ஆர்.வி. நன்றாகச் சரிவதைப் பலர் தங்கள் வாட்சிலேயே பார்த்திருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கடுமையாக ஓடினாலும் இதேதான்.

நல்ல இரவின் கோடு தூளி மாதிரி இருக்கும்: படுத்த கொஞ்ச நேரத்தில் இறங்கி, நடுவில் தாழ்ந்து கிடந்து, விடியலில் மெல்ல ஏறும். இந்த நண்பருடையது பாதி இரவு மேடு, அப்புறம் பள்ளம். அந்த வடிவத்தைப் பார்த்தால் சாப்பாடு, மது, இரவு நேர உடற்பயிற்சி மூன்றில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தோம். ஒரு வாரம் சாப்பாட்டை மட்டும் எட்டு மணிக்கு நகர்த்தினார். டிபன் கேரியர் கடைக்கே வந்தது. படுக்கும் நேரம், எழும் நேரம், காபி எதையும் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்த வாரம் கோடு ஒரு மணிக்குள் தாழ்ந்துவிட்டது. ஸ்கோரும் எழுபதுக்குத் திரும்பியது.

சரி, அத்தோடு முடியவில்லை. மே மாதம் கத்திரி வெயில் தொடங்கியதும் ஸ்கோர் மறுபடி ஐம்பதுகளுக்கு இறங்கியது. சாப்பாடு எட்டு மணிக்குத்தான். இந்த முறை கோட்டின் வடிவம் வேறு. மேடு பள்ளம் இல்லை, இரவு முழுக்கத் தட்டையாக 61. வழக்கத்தைவிட ஐந்து கூடுதல், தொடக்கம் முதல் முடிவு வரை. இது வெக்கையின் அடையாளம். கடலோர இரவில் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காய்வதில்லை. சூட்டை வெளியேற்ற உடம்பு தோலுக்கு ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், இதயம் அதற்காக இரவெல்லாம் கூடுதலாக அடிக்கும். நடு இரவில் கரண்ட் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஃபேன் நின்ற நேரத்திலிருந்து கோடு மேலே ஏறும், கரண்ட் வந்த பிறகு இறங்கும். மொட்டை மாடியில் படுப்பதோ, ஏசியை 26-இல் வைப்பதோ அந்தக் கோட்டைக் கீழே கொண்டுவரும். முடியாவிட்டால், மே மாத ஸ்கோரை மே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், ஜனவரியோடு வேண்டாம்.

தட்டையாக உயர்ந்த கோட்டுக்கு இன்னொரு காரணம் காய்ச்சல் வரப்போவது. வெக்கையிலிருந்து அதைப் பிரிப்பது எளிது. வெக்கை வீட்டில் எல்லோரையும் வாட்டும், நாள்கணக்கில் ஒரே அளவில் நிற்கும். காய்ச்சலோ ஒரே இரவில் எட்டு, பத்து துடிப்பு ஏறும், தோல் வெப்பநிலை காட்டும் கருவியாக இருந்தால் அதுவும் சேர்ந்து ஏறும். அப்படி ஏறிய அன்று, உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் நான் வாட்சைத்தான் நம்புவேன். உடம்பை முந்திக்கொண்டு ஸ்கோர் சரியாகச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

பெண்களுக்கு ஒரு வடிவம் தனியாக உண்டு. கருமுட்டை வெளியான பிறகு, மாதவிடாய் வரும் வரையிலான நாட்களில் ஓய்வுத் துடிப்பு இரண்டு முதல் நான்கு வரை ஏறுவதும், எச்.ஆர்.வி. குறைவதும், உடல் வெப்பம் கொஞ்சம் கூடுவதும் இயல்பு. கோடு தூளி வடிவத்திலேயே இருக்கும், மொத்தமாகக் கொஞ்சம் மேலே நகர்ந்திருக்கும். பல ஆப்கள் இதைச் சோர்வு என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் குறைத்துக் காட்டுகின்றன. போன சுழற்சியின் அதே நாட்களோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

அன்றைக்கு ஓடலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு ஸ்கோரைவிட, உடம்பைச் சூடேற்ற ஓடும் முதல் பத்து நிமிடம் நன்றாகப் பதில் சொல்லும். வழக்கமான வேகத்தில் மெதுவாக ஓடி, துடிப்பைப் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்துக்குள் வித்தியாசம் என்றால் திட்டப்படி போகலாம். எட்டு, பத்து கூடுதலாக இருந்தால் நடந்து திரும்பிவிடுங்கள்.

அறிகுறி 2: ஸ்கோர் உயர்வு, உடம்பு முடியவில்லை

இது குறைவாக வரும், ஆனால் இதைத்தான் நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன். ஸ்கோர் பச்சையாக இருக்கிறதே என்று உடம்பின் பேச்சைத் தள்ளிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது.

முதல் காரணம் சாதாரணமானது. தசை வலியை இந்தக் கருவி பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மணலில் நீண்ட தூரம் ஓடினால் கெண்டைக்கால் வலி ஒன்று முதல் மூன்று நாட்களில்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் நாடியும் எச்.ஆர்.வி.யும் இயல்புக்குத் திரும்பியிருக்கும். செவ்வாய்க்கிழமை ஸ்கோர் 85, படி இறங்க முடியவில்லை என்றால் அங்கே பிழை எதுவும் இல்லை. வலியைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தூக்கக் கணக்கு. அசையாமல் விழித்துக் கிடப்பதை மணிக்கட்டுக் கருவிகள் தூக்கம் என்று எண்ணிவிடுவது சகஜம். கவலையில் ஒரு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் ஏழு மணி நேரத் தூக்கம் என்று வரும். காலையில் ஆப் சொல்லும் உறங்கிய நேரத்தை உங்கள் நினைவோடு ஒப்பிட்டு, தொடக்கமும் முடிவும் தவறாக இருந்தால் திருத்துங்கள். பல ஆப்களில் அந்த வசதி இருக்கிறது. ஆழ்நிலைத் தூக்கம் எத்தனை நிமிடம் என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தப் பிரிப்பு தலையில் மின்முனை ஒட்டி அளப்பதற்கு ஈடாகாது.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பது கடினம்: அளவுகோலே கீழே இறங்கிவிடுவது. ஒருவருக்கு ஜனவரியில் எச்.ஆர்.வி. 46. வேலைப் பளு, அரைகுறைத் தூக்கம் என்று மெல்ல மெல்ல இறங்கி ஏப்ரலில் 33-இல் நிற்கிறது. ஆப் ஒப்பிடுவது அண்மைய வாரங்களோடு. 33 இப்போது அவருக்கு 'இயல்பு' ஆகிவிட்டது. ஸ்கோர் 78 என்று வரும், அவரோ களைத்துப்போய் இருப்பார். அன்றாடப் படத்தில் இது தெரியவே தெரியாது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடப் படத்தைத் திறந்தால் சரிவு ஒரே பார்வையில் தெரியும். மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தப் படத்தைப் பாருங்கள்.

நான்காவது, மருந்தும் நோயும். ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் தொடங்கினால் துடிப்பு குறையும், எச்.ஆர்.வி. கூடலாம், ஸ்கோர் அழகாக ஏறும். தேறிவிட்டோம் என்று அதற்குப் பொருள் இல்லை. மருந்து தொடங்கிய நாளுக்கு முந்தைய ஸ்கோர்களோடு ஒப்பிடுவதை அன்றோடு நிறுத்திவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் துடிப்பு மந்தமாகி, ஆள் சோர்ந்திருப்பார். உடல் எடை ஏறுவது, குளிர் தாங்காதது, மலச்சிக்கல் இவையும் சேர்ந்திருந்தால் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனைதான் விடை.

அறிகுறி 3: ஒரே நாளில் எண் தாறுமாறாகக் குதிக்கிறது

நேற்று 38, இன்று 96, நாளை 35 என்று எச்.ஆர்.வி. போனால் அது உடம்பின் தேர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், முதலில் அளவீட்டைச் சந்தேகியுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. அடுத்தடுத்த இடைவெளிகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்கிறார்கள். வர்க்கப்படுத்துவதால் ஒரே ஒரு தவறான துடிப்பு மொத்தத்தையும் தூக்கிவிடும். கீழே முதல் வரி ஒழுங்கான துடிப்பு. இரண்டாவதில் ஒன்று மட்டும் முந்தி அடித்து, அடுத்தது தாமதித்திருக்கிறது. கடைசியில் இருப்பது விடை, எல்லாம் மில்லிவிநாடி.

```
900  920  890   910  900  ->   21
900  920  600  1200  900  ->  372
```

இரவு முழுதும் ஆயிரக்கணக்கான துடிப்புகள் இருப்பதாலும், கருவி பிழையானவற்றை வடிகட்டுவதாலும் நிஜத்தில் இவ்வளவு பெரிதாக வராது. ஆனால் பட்டை தளர்ந்திருந்தால், மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டியிருந்தால், பச்சை குத்திய இடத்தில் பட்டால் பிழை நிறையச் சேர்ந்துவிடும். எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே ஏற்றி, தூங்கும்போது சற்று இறுக்கமாகக் கட்டி, வியர்வை உப்பைத் துடைத்துவிட்டு மூன்று நான்கு இரவு பாருங்கள். வாட்ச் காட்டும் துடிப்பையும் சோதியுங்கள்: அசையாமல் உட்கார்ந்து கட்டைவிரல் பக்க நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மூன்று வித்தியாசம் பரவாயில்லை.

எண்ணும்போது நாடி தவறித் தவறி அடிப்பதுபோல விரலுக்குத் தெரிந்தால், கோளாறு பட்டையில் இல்லை. அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி 4: பாடி பேட்டரி ஏறவே இல்லை, அல்லது சும்மா இருக்கும்போதே இறங்குகிறது

இரவில் வாட்சைச் சார்ஜில் போடுகிறவர்களுக்கு முதல் பதில்: குளிக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். பாடி பேட்டரி பெருமளவு ஏறுவது தூக்கத்தில்தான்.

மதியம் சமையலறையில் இரண்டு மணி நேரம் நின்றதற்கு இருபது புள்ளி போய்விட்டது என்று ஒரு அக்கா சொன்னார். அடுப்புச் சூட்டில் துடிப்பு ஏறும், கால் நகராது. அசைவு இல்லாமல் துடிப்பு ஏறி எச்.ஆர்.வி. சுருங்கினால் வாட்ச் அதை 'ஸ்ட்ரெஸ்' என்று பதிவு செய்யும். மனக்கவலை என்று அதற்குப் பொருள் இல்லை, உடம்பு சுமந்த சூடு அது. புள்ளி போனது நியாயம்தான்.

நெய்வேலி, சிப்காட் பக்கம் மூன்று ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த எண்கள் இன்னும் குழப்பும். பகல் தூக்கம் குறுகியது, சூடானது, வெளிச்சம் வேறு. பகல் ஷிப்ட் வாரத்து இரவுகளும் நைட் ஷிப்ட் வாரத்துப் பகல்களும் ஒரே சராசரியில் கலந்துவிடுகின்றன. நைட் ஷிப்ட் வாரத்தை முந்தைய நைட் ஷிப்ட் வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆப்பில் தூங்கும் நேரத்தை ஷிப்ட் மாறும்போதெல்லாம் மாற்றி வையுங்கள். புது வாட்ச் என்றால் முதல் மூன்று வாரம் எதையும் நம்ப வேண்டாம், கார்மின் தன் எச்.ஆர்.வி. அளவுகோலை அமைக்கவே ஏறக்குறைய அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது.

நன்றாகத் தூங்கியும் அவுரா ஸ்கோர் ஏறவில்லை என்றால் அது தாமதம். அதிலுள்ள எச்.ஆர்.வி. பகுதி ஒரு இரவைப் பார்ப்பதில்லை, கடந்த இரண்டு வாரத்தை மூன்று மாதச் சராசரியோடு வைத்துப் பார்க்கிறது. ஒரு நல்ல இரவு அதை அசைக்காது.

டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

காரணம் தெரியாமல் ஓய்வுத் துடிப்பு பத்து கூடி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், நாடி ஒழுங்கில்லாமல் அடிப்பது விரலுக்குத் தெரிந்தால், எச்.ஆர்.வி. திடீரென்று இரு மடங்காகி அப்படியே தங்கிவிட்டால் போய்க் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது நல்ல செய்தி மாதிரித் தெரியும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பிலும் எண் இப்படித்தான் ஏறும். ரத்தசோகையில் துடிப்பு கூடி, படி ஏறினால் மூச்சு வாங்கும், அதற்கு ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், படுத்தாலும் மூச்சுத் திணறல் என்றால் கோட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டாக்டரிடம் ஸ்கோரைக் காட்டிப் பயனில்லை, அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்பது அவருக்கும் தெரியாது. கடந்த மூன்று மாத ஓய்வுத் துடிப்புப் படம், நீங்கள் காலையில் எழுதி வைத்த ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்கள், புதிதாகத் தொடங்கிய மருந்துகளின் பெயரும் தேதியும், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மீதியை ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் சொல்லும்.